வளைந்தால் தகைவில்லை, நேராக நின்றால் தகைவு: ஒரு பக்கம் சூடேறும் உத்திரம்

வெப்ப விரிவு பாடத்தை முடித்த வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஒரே மாதிரியான இரண்டு கான்கிரீட் உத்திரங்கள் உள்ளன. இரண்டின் மேற்பரப்பும் அடிப்பரப்பைவிட 15°C கூடுதல் சூட்டில் இருக்கிறது. முதல் உத்திரம் தன் விருப்பப்படி வளைந்துவிட்டது. இரண்டாவது உத்திரத்தை வளைய விடாமல் நேராகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். எதில் தகைவு அதிகம்?

பெரும்பாலான மாணவர்கள் வளைந்த உத்திரத்தையே காட்டுவார்கள். சுமை ஏற்றிய பலகை எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு முறியும் நிலையை நெருங்குகிறது என்பது அவர்கள் கண்டு பழகிய உண்மை. சுமையைப் பொறுத்தவரை அது சரி. வெப்பத்தைப் பொறுத்தவரை விடை தலைகீழ். வளைந்து நிற்கும் உத்திரத்தில் தகைவு இல்லை. அசையாமல் நேராக நிற்பதுதான் தகைவைச் சுமக்கிறது. இது ஏன் என்பதை ஐந்து நூல் துண்டுகளைக் கொண்டு வகுப்பிலேயே காட்டலாம்.

நூல் செயல்பாடு

30, 31, 32, 33, 34 செ.மீ. நீளத்தில் ஐந்து நூல்களை வெட்டிக்கொள்ளுங்கள். இவை உத்திரத்தின் ஐந்து அடுக்குகள். அடியில் இருப்பது குளிர்ந்த அடுக்கு, எனவே நீளம் குறைவு. மேலே போகப் போகச் சூடு சீராக ஏறுகிறது. நீளமும் சீராக ஏறுகிறது.

அட்டை ஒன்றில் ஒரே மையத்தைக் கொண்டு 30, 31, 32, 33, 34 செ.மீ. ஆரமுள்ள வில்களை வரையுங்கள். மையத்திலிருந்து ஏறத்தாழ 57° கோணத்தில், அதாவது ஒரு ரேடியனில், இரு பக்கக் கோடுகளை இழுங்கள். ஒவ்வொரு நூலையும் அதற்குரிய வில்லின் மேல் ஒட்டச் சொல்லுங்கள். எந்த நூலையும் இழுக்க வேண்டியதில்லை, சுருக்க வேண்டியதில்லை. ஐந்தும் சரியாகப் பொருந்தும். நூலின் நீளம் சீராக ஏறுவது போலவே, வில்லின் நீளமும் ஆரத்துடன் சீராக ஏறுவதே காரணம். ஒவ்வோர் அடுக்கும் தான் விரும்பிய நீளத்தை அடைந்துவிட்டது. இழுப்பவரும் இல்லை, அமுக்குபவரும் இல்லை. ஆகவே தகைவு இல்லை.

இப்போது அதே நூல்களை 32 செ.மீ. நீளமுள்ள செவ்வகத்தில் நேர்கோடுகளாக ஒட்டச் சொல்லுங்கள். நடு நூல் மட்டும் பொருந்தும். கீழ் நூல்களை இழுத்தால்தான் எட்டும். மேல் நூல்கள் தொய்ந்து நிற்கும். அவை கம்பிகளாக இருந்தால் அமுக்கித்தான் அடைக்க வேண்டும். நேராகப் பிடித்த உத்திரத்தின் மேற்பகுதியில் அமுக்கமும் அடிப்பகுதியில் இழுவிசையும் தோன்றுவது இப்படித்தான். சூடான பக்கம் அமுங்குகிறது, குளிர்ந்த பக்கம் இழுபடுகிறது என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஒரு கான்கிரீட் சாலையில் கணக்கு

இதே நிலை ஒவ்வொரு நாளும் சிமென்ட் கான்கிரீட் சாலையில் நிகழ்கிறது. பகலில் வெயில் மேற்பரப்பைச் சூடாக்குகிறது. அடிப்பரப்பு மண்ணின் குளிர்ச்சியிலேயே இருக்கிறது. சாலைப் பலகையிலிருந்து ஒரு மீட்டர் அகலமுள்ள பட்டையை உத்திரமாக எடுத்துக்கொள்வோம். தடிமன் 250 மி.மீ. மேலுக்கும் கீழுக்கும் வெப்பநிலை வேறுபாடு 15°C. கான்கிரீட்டின் நீள்விரிவுக் குணகம் ஒரு டிகிரிக்கு 10 × 10⁻⁶ என்றும், யங் குணகம் 30,000 மெகாபாஸ்கல் என்றும் கொள்வோம்.

முதலில், பட்டை தடையின்றி வளைகிறது. ஒரு மீட்டர் நீளத்தில் மேல் அடுக்கு, அடி அடுக்கைவிட 1000 × 10 × 10⁻⁶ × 15 = 0.15 மி.மீ. கூடுதலாக நீள்கிறது. 250 மி.மீ. தடிமனுக்கு இந்த 0.15 மி.மீ. வேறுபாட்டைத் தரும் வில்லின் ஆரம்:

R = h / (α ΔT) = 0.25 / (10 × 10⁻⁶ × 15) ≈ 1667 மீட்டர்

மிகப் பெரிய ஆரம், எனவே மிக மெல்லிய வளைவு. 4.5 மீட்டர் நீளமுள்ள பட்டையின் நடுப்பகுதி, முனைகளைவிட L²/8R, அதாவது ஏறத்தாழ 1.5 மி.மீ. மேலே எழும். தகைவு சுழி.

அடுத்து, அதே பட்டையை நேராகப் பிடிக்கிறோம்; நீளவாக்கில் விரிய மட்டும் விடுகிறோம். நடு அடுக்கு தன் நீளத்தை அடைந்துவிடுகிறது. மேல் அடுக்கு நடு அடுக்கைவிட 7.5°C சூடு. அது கூடுதலாக விரும்பும் நீட்சி, மீட்டருக்கு 0.075 மி.மீ., மறுக்கப்படுகிறது. அடி அடுக்குக்கு இதன் எதிர்நிலை. எனவே:

σ = E α ΔT / 2 = 30,000 × 10 × 10⁻⁶ × 7.5 = 2.25 மெகாபாஸ்கல்

இந்தச் சமன்பாட்டில் நீளமும் இல்லை, தடிமனும் இல்லை என்பதை மாணவர்கள் கவனிக்கட்டும். வெப்பநிலை வேறுபாடு அதே 15°C என்றால், பட்டையைத் தடிமனாக்கினாலும் இந்தத் தகைவு குறையாது.

2.25 என்பது சிறிய எண்ணா? கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்குவதில் வல்லது. மேற்பரப்பில் இது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் இழுவிசையில் அது பலவீனமானது. நல்ல சாலைக் கான்கிரீட் வளையும்போது அடிப்பரப்பில் தாங்கக்கூடிய இழுவிசை சுமார் 4.5 மெகாபாஸ்கல்தான். ஒரு வண்டிகூட ஏறாத நிலையிலேயே அதில் பாதி செலவாகிவிட்டது.

சாலையை நேராகப் பிடிப்பது யார்?

சாலைப் பலகையை யாரும் கட்டி வைக்கவில்லையே என்று ஒரு மாணவராவது கேட்பார். அதைப் பிடிப்பது அதன் சொந்த எடைதான். நடுப்பகுதி மேலே எழ முயல்கிறது. மீட்டருக்கு 600 கிலோகிராம் எடை அதைத் தரைக்கு இழுக்கிறது. 1920-களிலேயே வெஸ்டர்கார்டு என்ற பொறியியலாளர் கான்கிரீட் சாலைகளில் வெப்பநிலை உண்டாக்கும் இந்தத் தகைவுகளைக் கணக்கிட்டுக் காட்டினார்.

தரை சற்றும் அமுங்காதது என்று எளிமையாகக் கொண்டு நம் பட்டையைப் பார்ப்போம். 4.5 மீட்டர் பட்டை முனைகளில் மட்டும் தாங்கி நிற்கிறது. வெப்பத்தால் 1.5 மி.மீ. எழுந்த நடுப்பகுதியை எடை ஏறத்தாழ 0.8 மி.மீ. கீழே இறக்குகிறது, மீதி 0.7 மி.மீ. எழுச்சி நிற்கிறது. அடிப்பரப்பின் இழுவிசைத் தகைவு சுமார் 1.5 மெகாபாஸ்கல். பட்டை பாதி சுதந்திரமாக, பாதி பிடிபட்டு இருக்கிறது. நீளம் கூடக் கூட எடை வெல்லத் தொடங்கும். ஏறத்தாழ 6 மீட்டரில் நடுப்பகுதி தரையைத் தொட்டுவிடும். அதைவிட மிக நீளமான பலகையின் நடுப்பகுதி முழுவதும் தட்டையாகப் படிந்து, நாம் கணக்கிட்ட 2.25 மெகாபாஸ்கலை முழுதாகச் சுமக்கும்.

கான்கிரீட் சாலையில் நான்கைந்து மீட்டருக்கு ஒரு முறை குறுக்காக வெட்டுக்கோடு இடுவதைப் பலரும் பார்த்திருப்போம். கான்கிரீட் உலர்ந்து சுருங்குவதற்கு இடம் தருவது அதன் ஒரு பயன். பலகையைச் சிறிதாக்கி, வளைய விட்டு, தகைவைக் குறைப்பது மற்றொரு பயன். வெட்டுக்கோடுகளுக்கு இடையே உள்ள தொலைவு மிகுந்துவிட்டால், பகல் வெயிலின் இழுவிசையும் சக்கரச் சுமையின் இழுவிசையும் அடிப்பரப்பில் ஒன்றுசேர்கின்றன. இரு வெட்டுக்கோடுகளுக்கு நடுவே, சாலைக்குக் குறுக்காக ஒரு விரிசல் தோன்றுவது அதன் அடையாளம். இரவில் நிலைமை மாறுகிறது. மேற்பரப்பு குளிர்ந்து சுருங்க, முனைகள் மேலே எழ முயல்கின்றன. எடை அவற்றைக் கீழே இழுக்கிறது. அப்போது இழுவிசை மேற்பரப்பில்.

இரு எல்லைகள்

வளைய விட்டால் தகைவில்லை என்பது இரண்டு நிபந்தனைகளுடன்தான் உண்மை.

முதலாவது, வெப்பநிலை மேலிருந்து கீழ்வரை நேர்கோட்டில் குறைய வேண்டும். நூல் செயல்பாட்டில் நீளங்களை 30, 30.2, 30.8, 32, 34 என மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். சம இடைவெளியுள்ள எந்த வில் தொகுதியிலும் அவை ஐந்தும் பொருந்தா. காலை வெயிலில் மேல் சில சென்டிமீட்டர் மட்டும் விரைந்து சூடாகும்போது உண்மையான சாலையில் நிகழ்வது இதுதான். அப்போது தடையின்றி வளையும் பலகையிலும் சிறிது தகைவு மிஞ்சும்.

இரண்டாவது, உத்திரம் ஒரே பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். பாடநூலில் வரும் ஈருலோகப் பட்டையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம், அது பொருந்தாது. அங்கே பட்டை முழுவதும் ஒரே வெப்பநிலையில் இருக்கிறது, இரு உலோகங்கள் வெவ்வேறு அளவில் விரிகின்றன. இணைப்புக்கு மேலே எல்லா அடுக்கும் ஒரு நீளம், கீழே எல்லா அடுக்கும் வேறொரு நீளம். நூல்களில் 30, 30, 30, 34, 34 என்று கொடுத்தது போன்ற நிலை. அது தடையின்றி வளைந்தாலும் உள்ளே தகைவு இருந்தே தீரும். 1925-இல் திமஷென்கோ இதற்கான கணக்கை வெளியிட்டார்.

நம் கணக்கு ஒரு பட்டைக்கானது. அகலமான பலகை குறுக்குவாக்கிலும் பிடிபடுவதால் அங்கே தகைவு ஆறில் ஒரு பங்கு வரை கூடும். நீளவாக்கிலும் விரிய விடாமல் அடைத்துவிட்டால், சராசரி வெப்ப உயர்வுக்கான அமுக்கம் இதனுடன் சேரும்.

மதிப்பீட்டுக்கு

1. நம் பட்டையின் தடிமனை 125 மி.மீ. ஆகக் குறைத்து, 15°C வேறுபாட்டை அப்படியே வைத்தால், தடையின்றி வளையும்போது ஆரம் என்ன ஆகும்? நேராகப் பிடித்தால் தகைவு என்ன ஆகும்? (ஆரம் பாதியாகும், தகைவு மாறாது.)

2. ஒரு பலகை வெயிலில் வளைந்திருப்பதை அளவுகோலால் அளந்துவிட்டோம். அதைக் கொண்டே தகைவைச் சொல்ல முடியுமா? (முடியாது. தடையின்றி இருந்தால் எவ்வளவு வளைந்திருக்கும் என்பதும் தெரிய வேண்டும். அந்த வளைவில் எவ்வளவு மறுக்கப்பட்டதோ, அதுவே தகைவாகிறது.)

இரண்டாம் வினாவுக்கு ஒரு மாணவர் தம் சொந்தச் சொற்களில் விடை சொல்லிவிட்டால், அவருக்கு இந்தப் பாடம் புரிந்துவிட்டது என்று கொள்ளலாம்.