கட்டாரில் முதல் வங்கிக் கணக்கு: பெயர் பிசகினால் பணம் நிற்கும்



நம்முடைய தென்னந்தோட்டங்களிலிருந்தும் தில்லையடி போன்ற கரையோர ஊர்களிலிருந்தும் நிறையப் பிள்ளைகள் கட்டாருக்கு வேலைக்குப் போகிறார்கள். போய் இறங்கியதும் அவர்கள் வீட்டுக்குக் கேட்கிற முதல் கேள்வி, "காசு எந்தக் கணக்குக்கு அனுப்ப?" என்பதுதான். அதற்கு முன்னால் அங்கே அவர்களுக்கு ஒரு கணக்கு வேண்டும். அது எப்படித் திறக்கப்படுகிறது, எங்கே சிக்குகிறது என்று இந்த இதழில் பார்ப்போம்.

கட்டாரில் கம்பனித் தொழிலாளரின் சம்பளத்தைக் கையில் கொடுக்கக் கூடாது, வங்கி வழியாகத்தான் போட வேண்டும் என்ற சட்டம் 2015ஆம் ஆண்டு வந்தது. சம்பள நாளிலிருந்து 7 நாளுக்குள் காசு கணக்கில் விழ வேண்டும். அதனால் கணக்குத் திறக்கிற வேலையைப் பெரும்பாலும் கம்பனியே செய்யும். வீட்டுப் பணியாளர்களுக்கு 2017இல் வந்த தனிச் சட்டம் உண்டு. அவர்கள் ஒப்பந்தத்தில் சம்பளம் எப்படித் தரப்படும் என்பதைப் புறப்படுமுன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வங்கி கேட்கிற முதல் பத்திரம் கட்டார் வதிவிட அடையாள அட்டை. ஊர் அடையாள அட்டை அங்கே செல்லாது. கைரேகை, வைத்தியப் பரிசோதனை, ஒப்பந்தக் கையெழுத்து எல்லாம் கொழும்பில் 2018இல் திறந்த கட்டார் விசா நிலையத்திலேயே முடிந்தாலும், அட்டை கையில் வருவது அங்கே போன பிறகுதான். அட்டை வரும்வரை கணக்கும் பிந்தும். அந்த இடைக்காலத்தில் காசு கையில் தந்தால், தேதியும் தொகையும் போட்ட துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். அட்டையோடு பாஸ்போட் பிரதி, ஒப்பந்தம் அல்லது கம்பனியின் சம்பளக் கடிதம், அங்கத்தைய போன் நம்பர் ஆகியவை வேண்டும். சம்பளம் குறைவானவர்களுக்குப் பல வங்கிகள் சாதாரணக் கணக்குத் தராமல் சம்பள அட்டை மட்டும் தரும். அதிலும் ஏ.டி.எம்.மில் காசு எடுக்கலாம்.

போன் நம்பர் விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் பலர். அறைத் தோழரின் பெயரில் எடுத்த சிம்மை வங்கியில் கொடுத்தால், காசு விழுந்த செய்தியும் இரகசிய எண்ணும் அந்த நம்பருக்கே போகும். சிம் உங்கள் பெயரில், உங்கள் அட்டையைக் காட்டி எடுத்ததாக இருக்கட்டும். ஏ.டி.எம். அட்டையையும் பின் நம்பரையும் சுப்பவைசர் வைத்திருக்கிறேன் என்றால் கொடுக்கக் கூடாது. காசு விழுந்த நாளைக் காட்டும் வங்கிச் செய்தியை அழிக்காதீர்கள். சம்பளம் பிந்தியது என்று தொழில் அமைச்சில் முறையிட அதுதான் சாட்சி.

இனி பெயர். தில்லையடித் தம்பி ஒருவருக்கு நடந்ததைக் கேட்டோம். பாஸ்போட்டில் MOHAMED என்று இருந்தது. அதைப் பார்த்தே கட்டார் அட்டையும் கணக்கும் அதே எழுத்தில் வந்தன. அங்கே ஒரு தடையுமில்லை. ஆனால் ஊரில் வாப்பாவின் வங்கிப் புத்தகத்தில் MOHAMMED என்று இரண்டு எம். தம்பி பணம் அனுப்பும் இடத்தில் தன் பெயரைப் போலவே வாப்பாவின் பெயரையும் ஒரு எம் போட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். பணம் ஊர் வங்கியில் நிறுத்தி வைக்கப்பட்டது. பற்றுச்சீட்டோடு அனுப்பிய இடத்துக்கே திரும்பிப் போய், பெயரைத் திருத்தித் தரும்படி விண்ணப்பித்த பிறகுதான் வீட்டுக்குக் கிடைத்தது. அதுவரை ஒரு வாரம் கடையில் கடன்.

தோட்டத்துப் பெயர்களில் இது இன்னும் அதிகம். பிறப்புச் சான்றில் ஒன்று, செக்ரோலில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் வெறும் முதலெழுத்து என்று இருக்கும். ஆகவே போகுமுன் இந்த வேலையைச் செய்யுங்கள். பிறப்புச் சான்றில் பிழை இருந்தால், பாஸ்போட் எடுக்குமுன்னே பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்திக்கொள்ளுங்கள். பிறகு புத்தளத்தில் உள்ள இலங்கை வங்கியிலோ மக்கள் வங்கியிலோ உங்கள் பெயரிலேயே ஒரு கணக்கைத் திறந்து, பாஸ்போட்டைக் காட்டி, அதிலுள்ள எழுத்தையே போடச் சொல்லுங்கள்.

புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கொண்டு போங்கள். பெயர், கணக்கு இலக்கம், கிளை மூன்றும் அதில் இருக்கும். அங்கே ஃபாரத்தில் IBAN என்று கேட்டால் திகைக்க வேண்டாம். இலங்கைக் கணக்குகளுக்கு அந்த எண் கிடையாது. கணக்கு இலக்கத்தோடு வங்கியின் SWIFT குறியீட்டைக் கொடுத்தால் போதும். அந்தக் குறியீட்டை ஊர்க் கிளையிலேயே கேட்டு, பிரதியின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் தடவை சிறிய தொகையை அனுப்பி, வீட்டில் கிடைத்ததா என்று கேட்ட பிறகு மிச்சத்தை அனுப்புங்கள்.