பந்தியில் பேச்சு முற்றும்போது



ஒரு குழுவின் வாரக் கூட்டத்தில், சேமிப்பு, கடன் எல்லாம் முடிந்தபிறகு ஒரு உறுப்பினர் தன் வீட்டுச் சங்கதியைச் சொன்னார். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிய அன்று ராத்திரி உறவுக்காரங்க சாப்பிட உட்கார்ந்தாங்க. அவருடைய தம்பி மனைவி ஜெப சபைக்குப் போறவங்க. படையல் பொங்கலை இலையில் வைக்கப் போனபோது, "வேண்டாம்க்கா" என்று மெதுவாகச் சொன்னார். பெரியப்பா விடவில்லை. "எங்க சாமி சோறு உனக்கு ஆகாதோ?" என்றார். தம்பி எதிர்த்துப் பேச, மச்சான் கட்சிகளையும் உள்ளே இழுத்துவிட்டார்.

நம்ம உறுப்பினர் என்ன செய்தார்? "சாப்பிடுற இடத்துல சாமி, அரசியல் எதுவும் பேசாதீங்க!" என்று எல்லோரையும் அதட்டினார். "எனக்கே புத்தி சொல்றியா?" என்று பெரியப்பாவுக்குக் கோபம். தம்பியோ கை கழுவிட்டு எழுந்து போயிட்டார்.

இதைக் குழுவில் நாங்கள் ரொம்ப நேரம் பேசினோம். பொதுவாக அதட்டினால், குத்திப் பேசியவருக்கும் குத்துப்பட்டவருக்கும் ஒரே அடி விழுகிறது. சட்டென்று பேச்சை மாற்றினாலும் அந்தப் பெண் மனசில் முள் அப்படியே இருக்கும். அதனால் முதலில் அவளுக்காக ஒரே ஒரு வார்த்தை, கோபமில்லாமல்: "அவ வேற எதுவும் வேண்டாங்கல பெரியப்பா, படையல் மட்டும் அவங்க வழக்கத்துல இல்ல." குழம்பை ஊற்றிக்கொண்டே உடனே அவரிடம் ஒரு கேள்வி: "நம்ம கிணறு வெட்டினப்ப எத்தனை அடியில பாறை வந்துச்சு?"

கேள்வி அவருக்கு மட்டும் தெரிந்ததாக, நீளமாகப் பதில் சொல்லக்கூடியதாக இருக்கணும். "உப்பு சரியா இருக்கா?" என்றால் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். "ஏரியில ஏன் தண்ணி இல்ல?" என்று கேட்டால் திரும்பவும் ஆட்சியில்தான் போய் நிற்கும்!

நேரமும் முக்கியம். "நாங்க", "உங்க ஆளுங்க" என்று பிரித்துப் பேச ஆரம்பிக்கும்போதே குறுக்கே போகணும். இலையில் கை நின்றுவிட்டால் தாமதம்தான். குடித்துவிட்டு வந்தவரிடம் இந்த வழி பலிக்காது. அவரைச் சீக்கிரம் சாப்பிட வைத்து அனுப்புவதே நல்லது.

ஒன்று கவனிக்கணும். குடிதண்ணீர், ரேஷன் என்று யாராவது உண்மையான குறையைச் சொன்னால் அதையும் அரசியல் என்று அடக்கக்கூடாது. "காலையில உட்கார்ந்து பேசுவோம், கிராம சபைக்குக் கொண்டு போவோம்" என்று சொல்லி, சொன்னபடி காலையில் பேசணும்.

அடுத்து கார்த்திகை தீபத்துக்கு அதே உறவுகள் வந்தபோது, நம்ம உறுப்பினர் படையல் போடுவதற்கு முன்பே தம்பி மனைவிக்குத் தனிப் பாத்திரத்தில் பொங்கலும் குழம்பும் எடுத்து வைத்துவிட்டார். பெரியப்பா ஏதோ கேட்க வாயெடுத்தார். கிணற்றுக் கேள்வி போயிற்று. மோர் ஊற்றும் வரை அவர் கிணற்றை விட்டு வெளியே வரவில்லையாம்.