வேலையாளை அனுப்பும் ஏஜென்சி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ராசிபுரத்தில் பக்கவாதத்தால் படுக்கையிலிருக்கும் தாயாருக்குத் துணையாக, சென்னையிலுள்ள ஓர் ஏஜென்சியிடம் ஆறு மாதத்திற்கென்று 18,000 ரூபாய் கட்டணம் செலுத்தி ஒரு பெண்மணியை வரவழைத்த குடும்பம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். வந்தவருக்கு நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கத் தெரியவில்லை. மாற்று ஆளும் வரவில்லை.

நம்பிக்கை: ரசீதில் ‘கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்று அச்சிட்டிருந்தால் விவகாரம் முடிந்தது.

உண்மை: குறைபாடுள்ள சேவையை நிறுத்தி, அதற்குப் பெற்ற தொகையை ரசீதில் கண்ட கெடுவுக்குள், கெடு குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள், திருப்பித்தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுவதால், அந்த ஒரு வரி மட்டும் ஏஜென்சிக்குக் கவசமாகிவிடாது. ஆனால் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு குடும்பத்தினுடையது. மனத்துக்குப் பிடிக்கவில்லை என்பது குறைபாடாகாது. நோயாளியைப் பராமரிக்கப் பழகியவரை அனுப்புவதாக ஒப்பந்தத்திலோ வாட்ஸ்அப் செய்தியிலோ வாக்களித்துவிட்டு, பழகாதவரை அனுப்பியதே குறைபாடாகும். ஆகவே ஆளை உடனே அனுப்பிவிட்டுப் பின்னர் வாதாடுவதைவிட, இன்ன தேதியில் இன்ன வேலை நடக்கவில்லை என்று விவரித்து, ஒப்பந்தப்படி மாற்று ஆள் தரக் கெடு வைத்து, தவறினால் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு பணத்தைத் திரும்பக் கோருவதாகப் பதிவுத் தபாலில் எழுதுவதே உசிதம்.

நம்பிக்கை: வீட்டு வேலை சொந்த ஊழியம், அதற்கு நுகர்வோர் ஆணையத்தில் இடமில்லை.

உண்மை: சொந்த ஊழிய ஒப்பந்தத்தைச் சட்டம் விலக்கியிருப்பது மெய்யே, 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றமும் அவ்வகை ஒப்பந்தத்தையும் கட்டணத்துக்குச் சேவை வழங்கும் ஒப்பந்தத்தையும் வேறு பிரித்துக் காட்டியது. குடும்பத்துக்கும் வேலையாளுக்கும் உள்ள உறவு முதலாவதைச் சேர்ந்ததாகலாம். தகுந்த ஆளைத் தேடித்தரக் கட்டணம் வாங்கும் ஏஜென்சியின் காரியமோ இரண்டாவதின் பாற்பட்டது.

நம்பிக்கை: ஏஜென்சி சென்னையில் இருப்பதால் வழக்கையும் சென்னையில்தான் தொடுக்கவேண்டும்.

உண்மை: புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு தாக்கல் செய்யலாம் என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம் தந்த அனுகூலம், எனவே நாமக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே போதும். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிடில் மனுவுக்குக் கட்டணமில்லை. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதுமில்லை. காலவரம்பு இரண்டு ஆண்டுகள். மனு தாக்கல் செய்வதற்கு முன்பாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டுச் சமரசத்துக்கும் முயலலாம்.

நம்பிக்கை: பணம் திரும்பும்வரை அந்தப் பெண்மணியின் சம்பளத்தை நிறுத்திவைக்கலாம்.

உண்மை: தகாத இடத்துக்கு அவரை அனுப்பியது ஏஜென்சியின் பிழை. அவர் உழைத்த நாட்களின் கூலி அவருக்குரியது. அதைக் கொடுத்துக் கையொப்பம் பெற்றுக்கொண்டால், அவர் எந்த நாள்வரை இருந்தார் என்பதற்கு அதுவே சாட்சியமாகி, 18,000 ரூபாயில் எவ்வளவு திரும்பவேண்டும் என்று ஆணையம் கணிப்பதற்கும் துணைபுரியும்.