தாயக்கட்டையில் பதினாறு, பகடையில் முப்பத்தாறு

பத்தாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடத்தில் இரண்டு பகடைகளை உருட்டும் கணக்கு தவறாமல் வரும். கூறுவெளியில் 36 விளைவுகள் என்பதை மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். "ஏன் 36? (1, 2), (2, 1) இரண்டுக்கும் கூடுதல் 3 தானே, அதை ஏன் இரண்டு முறை எழுத வேண்டும்?" என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். இந்தக் கேள்விக்கு விடை புரியாதவரை, பகடைக்குப் பதில் வேறொரு பொருளைக் கொடுத்தால் மாணவர் திணறுவார். ஆகவே ஆவூரில் நான் இப்பாடத்தைப் பகடையில் தொடங்குவதில்லை, தாயக்கட்டையில் தொடங்குகிறேன்.

தாயக்கட்டையை நம் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நீளமான நான்கு பக்கங்களில் ஒன்று வெறுமையாகவும் மற்றவை ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளோடும் இருக்கும். இரண்டு கட்டைகளையும் சேர்த்து உருட்டிப் புள்ளிகளைக் கூட்டுகிறோம். கூடுதல் 1 வந்தால் தாயம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் அதைப் பன்னிரண்டு என்று எண்ணுகிறோம்.

"தாயம் விழ நிகழ்தகவு என்ன?" என்று கேட்டால் முதலில் வரும் விடை 1/7. தாயம், 2, 3, 4, 5, 6, 12 என ஏழு வகை இருக்கின்றன, அதில் ஒன்று தாயம் என்பது அவர்கள் கணக்கு. இதை நான் மறுப்பதில்லை. "அப்படியானால் மூன்று விழும் அளவுக்குப் பன்னிரண்டும் விழுமா?" என்று மட்டும் கேட்பேன். வீட்டில் தாயம் ஆடிய பிள்ளைகள் உடனே இல்லை என்பார்கள். ஏழு வகைகளும் சமவாய்ப்புடையவை அல்ல என்பது அவர்கள் அனுபவத்திலிருந்தே வந்துவிடுகிறது.

அடுத்து வரும் விடைதான் கடினமானது. சேர்க்கைகளை வரிசையாக எழுதுவார்கள்: 0-0, 0-1, 0-2, 0-3, 1-1, 1-2, 1-3, 2-2, 2-3, 3-3. மொத்தம் பத்து. தாயத்துக்கு 0-1 ஒன்றே வழி, ஆகவே 1/10. பட்டியலில் எதுவும் விடுபடவில்லை, எதுவும் இருமுறை வரவில்லை. ஆனாலும் விடை தவறு. இதில் தடுமாறுவதற்கு மாணவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸே, இரண்டு பகடைகளில் 11 விழுவதும் 12 விழுவதும் ஒரே அளவு எளிது என்று கருதினார். 11-க்கு 5-6 என்ற ஒரு சேர்க்கை, 12-க்கு 6-6 என்ற ஒரு சேர்க்கை என்பதே அவர் காரணம்.

இந்த இடத்தில் ஒரு கட்டையின் முனையில் மட்டும் சிவப்புச் சாயம் தடவுகிறேன். இப்போது "சிவப்பில் 0, மற்றதில் 1" என்பதும் "சிவப்பில் 1, மற்றதில் 0" என்பதும் கண்ணுக்கே வேறு வேறாகத் தெரிகின்றன. கரும்பலகையில் ஒரு கூட்டல் அட்டவணை போடுகிறோம். இடப்பக்கம் சிவப்புக் கட்டை, மேலே மற்றது.

| சிவப்பு | 0 | 1 | 2 | 3 |
|---|---|---|---|---|
| 0 | 0 | 1 | 2 | 3 |
| 1 | 1 | 2 | 3 | 4 |
| 2 | 2 | 3 | 4 | 5 |
| 3 | 3 | 4 | 5 | 6 |

கட்டங்கள் 16. ஒவ்வொரு கட்டமும் மற்றொன்றைப் போலவே சமவாய்ப்புடையது. சாய்வாகப் பார்த்து எண்ணினால், பன்னிரண்டுக்கு (அட்டவணையில் 0) 1, தாயத்துக்கு 2, இரண்டுக்கு 3, மூன்றுக்கு 4, நான்குக்கு 3, ஐந்துக்கு 2, ஆறுக்கு 1 கட்டங்கள். கூட்டினால் 16. ஆக, தாயத்தின் நிகழ்தகவு 2/16, அதாவது 1/8. 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்று ஆடுபவர்களுக்கு அந்த வாய்ப்பு (2+2+1+1)/16 = 3/8.

"சார், சாயத்தை அழித்துவிட்டால் மறுபடி பத்தாகிவிடுமா?" என்று ஒரு மாணவர் கேட்டால் பாடம் சரியான இடத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். சாயம் நாம் அடையாளம் காண்பதற்கு. கட்டை விழும் விதத்தை அது மாற்றுவதில்லை. அடையாளம் தெரியாவிட்டாலும் அவை இரண்டு தனிக் கட்டைகளே. 0-1 விழ இரண்டு வழிகள், 0-0 விழ ஒரே வழி.

வாய்மொழியாகச் சொன்னது போதாது என்று நினைப்பவர்களுக்குச் சோதனை இருக்கிறது. எதை எண்ணுவது என்பதில்தான் கவனம் வேண்டும். 160 முறை உருட்டினால் தாயம் 1/8 கணக்கில் 20 முறையும், 1/10 கணக்கில் 16 முறையும் எதிர்பார்க்கலாம். இந்த நான்கு வித்தியாசம் தற்செயலாகவே வந்துவிடும், எதையும் தீர்மானிக்காது. ஆகவே இரண்டு கட்டையிலும் ஒரே எண் விழுவதை எண்ணச் சொல்கிறேன். 16 கட்டங்களில் அவை 4, ஆகவே 160-க்கு 40. பத்துச் சேர்க்கைகளில் அவை 4, ஆகவே 160-க்கு 64. எட்டுக் குழுக்கள், குழுவுக்கு 20 முறை என்றால் ஒரே பாடவேளையில் முடிந்துவிடும். எண்ணிக்கை பெரும்பாலும் 30-க்கும் 50-க்கும் இடையில் அமையும். 64-ஐ நெருங்குவது மிக அரிது. ஒரு குழுவின் 20 உருட்டல்களை மட்டும் வைத்து முடிவு சொல்ல வேண்டாம்.

கட்டையே கோணலாக இருந்தால் கணக்குப் பொருந்தாது. தேய்ந்த பழைய கட்டையில் ஒரு பக்கம் அகலமாக இருக்கலாம். ஒவ்வொரு கட்டையையும் தனியே 80 முறை உருட்டிப் பாருங்கள். பக்கத்துக்கு 20 அளவில் வர வேண்டும். ஏதாவது ஒரு பக்கம் 10-க்குக் கீழோ 30-க்கு மேலோ போனால் அந்தக் கட்டையை ஒதுக்கிவிடலாம். கை பழகியவர்கள் உருட்டும் விதத்தாலும் முடிவு மாறும் என்பதால், டம்ளரில் போட்டுக் குலுக்கிக் கொட்டுவது நல்லது.

இதன்பின் ஆறு பக்கப் பகடைக்குச் செல்வது எளிது. அட்டவணை 6 × 6, ஆகவே 36. கூடுதல் 7-க்கு முதல் பகடையில் எது விழுந்தாலும் இரண்டாவதில் அதற்கேற்ற எண் ஒன்று உண்டு. ஆகவே 6 வழிகள். கூடுதல் 4-க்கு முதல் பகடையில் 1, 2, 3 மட்டுமே விழலாம். 4 விழுந்தால் மற்றதில் 0 வேண்டும், அது இல்லை. ஆகவே 3 வழிகள், நிகழ்தகவு 3/36 = 1/12. இப்படிப் பார்த்தால் 2 முதல் 7 வரை வழிகளின் எண்ணிக்கை கூடுதலைவிட ஒன்று குறைவு. 7-க்கு மேல், 13-இலிருந்து கூடுதலைக் கழித்தால் போதும். 10-ஐ விட அதிகம் என்றால் 11-க்கு 2, 12-க்கு 1, மொத்தம் 3. லைப்னிட்ஸின் கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது: 11 விழ 2/36, 12 விழ 1/36.

புரிந்ததா, மனப்பாடமா என்று அறிய நான் கடைசியாகக் கொடுப்பது இது. ஒரு பகடையில் 1, 2, 3, 4, 5, 6. மற்றொன்றில் 1, 1, 2, 2, 3, 3. ஒவ்வொரு கூடுதலின் நிகழ்தகவு என்ன? சூத்திரத்தை மட்டும் நினைவில் வைத்தவர் கூடுதல் 2-க்கு 1/36 என்பார். அட்டவணை போட்டவர், இரண்டாம் பகடையில் 1 இரண்டு பக்கங்களில் இருப்பதைப் பார்த்து 2/36 என்பார். 2 முதல் 9 வரை வழிகள் 2, 4, 6, 6, 6, 6, 4, 2. கூட்டிப் பார்த்து 36 வருகிறதா என்று அவரே சரிபார்த்துக்கொள்ளவும் முடியும்.