கடிகாரம் மாறினாலும் மாறாத ஞாயிறு

கேள்வி: நாங்கள் ஆம்பூரில். அண்ணன் துபாயில், அக்கா ஜெர்மனியில், தம்பி நியூஜெர்சியில். ஞாயிறு இரவு 7.30-க்கு எல்லோரும் வீடியோ காலில் பேசுவோம். மார்ச்சில் திடீரென 6.30-க்கே அழைப்பு வந்தது. மஃரிப் தொழுகைக்குப் போன அப்பாவால் சேர முடியவில்லை. ஏன் இப்படி?

பதில்: அழைப்பைத் தம்பிதான் தன் கூகுள் காலண்டரில் காலை 9 மணி என்று போட்டிருப்பார். மார்ச் இரண்டாம் ஞாயிறன்று (2026-இல் மார்ச் 8) அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறது. அவருக்கு அதே 9 மணி, உங்களுக்கு 6.30 ஆகிவிடும். இந்தியாவும் துபாயும் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஜெர்மனியோ மார்ச் கடைசி ஞாயிறன்றுதான் மாற்றும். அதனால் அக்காவுக்கு இடைப்பட்ட ஞாயிறுகளில் மட்டும் 3 மணி அழைப்பு 2 மணிக்கே வந்து, பிறகு பழையபடி 3 ஆகும். குழப்பம் கூடுவது இதனால்தான்.

யாருடைய நேரம் வளையாதோ, அவருடைய கடிகாரத்தில்தான் அழைப்பைக் கட்ட வேண்டும். உங்கள் வீட்டில் அது அப்பா. தம்பியை அந்த நிகழ்வைத் திறந்து, நேர மண்டலத்தைக் கொல்கத்தா என்றும் நேரத்தை இரவு 7.30 என்றும் மாற்றி, தொடரும் எல்லா வாரங்களுக்கும் சேமிக்கச் சொல்லுங்கள். துபாயில் எப்போதும் மாலை 6. குளிர்காலத்தில் ஜெர்மனியில் மாலை 3, நியூஜெர்சியில் காலை 9; கோடையில் 4, 10.

ரமலானில் இரவுத் தொழுகை நீளும். அந்த மாதத்துக்கு மட்டும் வேறு நேரம் பேசிக்கொள்ளுங்கள்.