வெளிச்சம் கூடினால் எது கூடுகிறது?



தி. நகரிலோ அடையாற்றிலோ பிளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் எடுக்கத் தொடங்கியிருக்கும் உங்களிடம் ஒரு பழைய ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக் கணக்கு கட்டாயம் வந்து சேரும். ஒற்றை நிற ஒளி தரும் புள்ளி மூலம் ஒளிமின்கலத்திலிருந்து 0.2 மீட்டரில் இருக்கிறது. நிறுத்து மின்னழுத்தம் 0.6 வோல்ட், தெவிட்டு மின்னோட்டம் 18 மில்லி ஆம்பியர். மூலத்தை 0.6 மீட்டருக்குத் தள்ளிவைத்தால் என்ன ஆகும்? தூரம் மூன்று மடங்கு, செறிவு ஒன்பதில் ஒரு பங்கு, ஆகவே மின்னோட்டம் 2 மில்லி ஆம்பியர். இதுவரை யாரும் தடுமாறுவதில்லை. அதே வேகத்தில் 0.6 வோல்ட்டையும் 0.2 ஆகக் குறைத்துவிடுவார்கள். (செறிவைப் பொறுத்ததென்றே நம்பினாலும் ஒன்பதால் அல்லவா வகுக்க வேண்டும்! மூன்றால் வகுப்பது அந்த நம்பிக்கைக்குக்கூட உண்மையாக இல்லை.) நிறுத்து மின்னழுத்தம் மாறாது, 0.6 வோல்ட்டேதான்.

'செறிவு எலக்ட்ரானின் ஆற்றலைப் பாதிக்காது' என்று பலகையில் எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். செறிவு குறைந்தால் ஆற்றலும் குறையும் என்ற மாணவரின் எண்ணம் அலைக் கொள்கையிலிருந்து நேராக வருவது. அதனால்தான் ஆற்றல் செறிவைப் பொறுத்ததல்ல என்று 1902-இல் லெனார்டு கண்ட முடிவு புதிராக இருந்தது. 1905-இல் ஐன்ஸ்டீன் தந்த விளக்கத்தை எண்களில் காட்டுங்கள். 400 நானோமீட்டர் ஒளியின் ஒரு ஃபோட்டானில் சுமார் 3.1 எலக்ட்ரான் வோல்ட் இருக்கிறது. சீசியத்தின் வெளியேற்று ஆற்றல் சுமார் 2.1. மிச்சம் 1.0, எலக்ட்ரானுக்குக் கிடைக்கக்கூடிய பெரும இயக்க ஆற்றல். விளக்கைப் பத்து மடங்கு பிரகாசமாக்கினால் ஃபோட்டான்கள் பத்து மடங்காகும். ஒவ்வொன்றிலும் இருப்பது அதே 3.1. 'மொத்த ஆற்றல் கூடுகிறதே, சார்?' என்று கேட்பார்கள். கூடத்தான் செய்கிறது, ஆனால் அது கூடுதலான எலக்ட்ரான்களுக்குப் பங்காகிறது. ஓர் எலக்ட்ரான் இரண்டு ஃபோட்டான்களைச் சேர்த்து வாங்கலாமே என்றால், மிகச் செறிவான லேசர் துடிப்புகளில் அது நடக்கிறது. ஆய்வக விளக்கின் ஒளியில் அதற்கான வாய்ப்பு பொருட்படுத்தத்தக்கதல்ல.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஆய்வக மேசையிலிருந்தே வரும். விளக்கை அருகே கொண்டுவந்தால் நிறுத்து மின்னழுத்தம் சற்றே கூடியதாக அளவீடு காட்டலாம். மின்னோட்டம் பூஜ்யத்தை நெருங்கும் இடத்தில் வளைகோடு படுத்துக்கொள்கிறது. மங்கலான ஒளியில் மீட்டரின் முள் முன்கூட்டியே அசைவற்றுவிடும். போதாததற்கு, நேர்மின்வாயில் பட்ட ஒளியும் எதிர்த்திசையில் சிறு மின்னோட்டத்தைக் கிளப்பிவிடும். இன்னும் நுண்ணிய மின்னோட்டத்தை அளக்கும் மீட்டரால் பார்த்தால் இந்த வித்தியாசம் சுருங்கும். நிற வடிகட்டியை மஞ்சளிலிருந்து நீலத்துக்கு மாற்றுங்கள். அப்போது வரும் வித்தியாசம் எந்த மீட்டரைப் போட்டாலும் சுருங்காது.