பிந்தி வரும் தரவைப் பிடிக்கும் நிழல் லாட்ச்: அமைப்பதும் சோதிப்பதும்

ஒரு சில்லின் கடிகார வேகமும் மின்னழுத்தமும் வழக்கமாக மிக மோசமான நிலையை, அதாவது மெதுவாக அமைந்துவிட்ட சில்லையும் உச்ச வெப்பத்தையும் மனத்தில் கொண்டே முடிவு செய்யப்படுவதால், சராசரிச் சில்லுக்குத் தேவையற்ற மின்சாரம் நாள்தோறும் வீணாகிறது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ரேசர் என்னும் முறை இந்தக் காப்பு இடைவெளியைக் கைவிட்டு, எப்போதாவது பிழை நேரும் அளவுக்கு மின்னழுத்தத்தைக் குறைத்து, நேர்ந்த பிழையை அங்கேயே பிடித்துத் திருத்துகிறது. கடிகாரத்தின் ஏறுமுனையில் தரவைப் பதியும் முதன்மை ஃபிளிப்-ஃபிளாப்பின் அருகில், அதே தரவைச் சற்றுத் தாமதமாகப் பதியும் ஒரு நிழல் லாட்ச் வைக்கப்படுகிறது. இரண்டும் வேறுபட்டால் தரவு பிந்தி வந்தது என்று பொருள். நிழலில் உள்ளதே சரியான மதிப்பு.

முதலில் நிழல் எங்கெங்கே வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும். அனுமதிக்கப்போகும் மிகக் குறைந்த மின்னழுத்தத்திலும் நேரத்துக்குள் வந்துவிடும் பாதைகளுக்கு அது தேவையில்லை. காலக்கணிப்பு அறிக்கையில் வரம்பைத் தாண்டும் பாதைகள் முடியும் ஃபிளிப்-ஃபிளாப்புகளுக்கு மட்டும் வைத்தால் போதும்.

அடுத்து வருவதுதான் இந்த வேலையின் மையம்: தாமதத்தை அளந்து வைப்பது. கடிகாரச் சுற்று 5 நானோநொடி, வழக்கமான மின்னழுத்தம் 1.8 வோல்ட் என்று ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். மெதுவான சில்லில் மிக நீண்ட பாதைக்கு 1.8 வோல்ட்டில் 4.8 நானோநொடியும், கீழெல்லையான 1.3 வோல்ட்டில் 6.3 நானோநொடியும் ஆகின்றன என்க. கடிகாரம் உயர்ந்திருக்கும் நேரத்தைச் சுற்றில் 30 விழுக்காடாக, அதாவது 1.5 நானோநொடியாக வைத்து, அந்த நேரம் முழுதும் நிழல் லாட்ச் திறந்திருந்து இறங்குமுனையில் மூடும்படி அமைத்தால், தரவு 6.5 நானோநொடி வரை வரலாம். லாட்ச் மூடுவதற்குச் சற்று முன்பே தரவு நிலைத்திருக்க வேண்டிய 0.1 நானோநொடியைக் கழித்தால் 6.4 எஞ்சுகிறது. 6.3 அதற்குள் அடங்குகிறது.

ஆனால் நிழல் திறந்திருக்கும் இந்தச் சாளரத்துக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. ஏறுமுனையில் புறப்படும் அடுத்த தரவு, குறுகிய பாதை வழியே 1.5 நானோநொடிக்குள் ஓடி வந்துவிட்டால், நிழல் லாட்ச் பழைய தரவுக்குப் பதிலாக அதைப் பதிந்துகொள்ளும். முதன்மையில் இருந்த சரியான மதிப்பு தவறு என்று தள்ளப்பட்டு, தவறான மதிப்பு அதன் இடத்தில் ஏறிவிடும். ஆகவே நிழல் உள்ள இடத்தில் முடியும் ஒவ்வொரு பாதையும், மூடிய பின் தரவு மாறாதிருக்க வேண்டிய 0.1 நானோநொடியையும் சேர்த்து, 1.6 நானோநொடிக்கு மேல் எடுத்தாக வேண்டும். இதை மெதுவான சில்லில் அல்ல, உச்ச மின்னழுத்தத்தில் இயங்கும் வேகமான சில்லில் அளக்க வேண்டும். அங்கே 0.6 நானோநொடியில் முடியும் பாதைக்கு 0.2 நானோநொடி பஃபர்கள் ஐந்துக்கு மேல் தேவைப்படும், சாளரத்தை 2.5 நானோநொடியாக அகலப்படுத்தினால் பத்துக்கும் மேல் ஆகும். பஃபர்களும் மின்சாரம் தின்பவை என்பதால், நீண்ட பாதை அடங்கும் அளவுக்கு மேல் சாளரத்தை அகலமாக்குவது வீண். நீண்ட பாதையோடு பொதுவான கிளையில் பஃபரைச் செருகினால் அந்தப் பாதையும் நீண்டுவிடும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

பிழை தெரிந்ததும் பைப்லைனை ஒரு சுற்று நிறுத்தி, நிழலின் மதிப்பை முதன்மைக்கு ஏற்றுவது எளிய மீட்பு. பிழை இல்லை என்று உறுதியாகும் வரை எந்த மதிப்பும் நினைவகத்திலோ பதிவகத்திலோ எழுதப்படக் கூடாது. தரவு சரியாக ஏறுமுனையிலேயே மாறினால் முதன்மை ஃபிளிப்-ஃபிளாப் 0, 1 இரண்டிலும் சேராமல் சிறிது நேரம் தடுமாறக்கூடும் என்பதால், அதைக் கண்டு பிழையாக அறிவிக்கும் தனிச் சுற்றும் தேவை.

மின்னழுத்தக் கட்டுப்பாட்டுக்குப் பிழைகளை எண்ணினால் போதும்: 10,000 சுற்றுகளில் பத்துக்கு மேல் பிழை வந்தால் ஒரு படி ஏற்றுவது, குறைந்தால் இறக்குவது. 1.5 வோல்ட்டில் இயங்கும் சில்லில் மாறுமின் ஆற்றல் ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும். ஒரு மீட்புக்கு 5 சுற்று வீணானாலும் 0.1 விழுக்காட்டுப் பிழையால் இழப்பது 0.5 விழுக்காடுதான். 10 விழுக்காட்டுப் பிழையிலோ இழப்பு 50 விழுக்காடாகி, மிச்சம் முழுதும் கரைந்துவிடும்.

கோளாறு எந்தப் பக்கத்தது என்பதைக் கடிகாரமே காட்டிக்கொடுக்கும். சுற்றை 5இலிருந்து 6 நானோநொடியாக நீட்டும்போது பிழைகள் மறைந்தால் அவை உண்மையான தாமதப் பிழைகள். அதே விழுக்காட்டில் சாளரமும் 1.8 நானோநொடியாக விரிவதால், பிழைகள் கூடினால் குறுகிய பாதையே குற்றவாளி. மின்னழுத்தத்தை ஏற்றும்போதும் அவை கூடும். பிழைக் குறி எதுவும் எழாமலே விடை தவறினால் நிலைமை மோசம்: 6.4 நானோநொடியையும் தாண்டி வந்த தரவை நிழலும் தவறவிட, இரு பதிவுகளும் ஒரே தவறான மதிப்பில் ஒத்துப்போகின்றன. கீழெல்லை மின்னழுத்தத்தை உயர்த்தி, மெதுவான சில்லில் மீண்டும் அளப்பதே அதற்கு வழி.